ஆடித் தள்ளுபடி நாட்குறிப்பு: ஒரே பெட்ஷீட்டுக்கு இரண்டு விலை

ஜூலை 12, 2025, சனி

ஈரோட்டில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடி வியாழக்கிழமை, அதாவது ஆடி ஒன்றாம் தேதி தொடங்குகிறது. சென்னிமலை பெட்ஷீட்டுக்கு 15 சதவீதம். பழைய சரக்கு ஒரு கட்டு மட்டும் 30 சதவீதத்தில் போகிறது. கூகுள் தேடல் விளம்பரத்தில் "30 சதவீதம் வரை" என்று போடலாம் என்றார் முதலாளி அண்ணன். விளம்பரத்தோடு சலுகையைத் தனி வரியாகக் காட்டும் Promotion அசெட்டில் அதற்கென்றே "Up to" என்று ஒரு வகை இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டில் இருப்பது நாற்பது உருப்படிதான். இரண்டு நாளில் தீர்ந்துவிட்டால், மீதி நாளெல்லாம் விளம்பரம் பொய் சொல்லிக்கொண்டிருக்கும். "வேண்டாங்கண்ணா, 15 என்றே போடலாம்" என்றேன். ஒத்துக்கொண்டார்.

பொருளின் பெயருக்கு 20 எழுத்துதான் இடம். Chennimalai bedsheet சரியாக 20. பன்மைக்கு ஒரு s சேர்த்தாலும் ஏற்காது. "15% off" என்பதை அதுவே முன்னால் சேர்த்துக்கொள்கிறது, நாம் எழுத வேண்டியதில்லை.

எந்த விழாவுக்கான சலுகை என்று கேட்கும் பட்டியலில் தீபாவளி, நவராத்திரி எல்லாம் உண்டு, ஆடி இல்லை. வேறு விழாவின் பெயரைப் போட்டால் சலுகைத் தேதியும் அந்த விழாக் காலத்துக்குள் இருக்க வேண்டும். அதனால் அதைக் காலியாக விட்டுவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

தேதி கொடுக்க இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, வாடிக்கையாளர் கண்ணில் படும் சலுகைத் தேதி. மற்றொன்று, இந்த அசெட் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை ஓட வேண்டும் என்கிற அட்டவணை. முதலாவது விளம்பரத்தில் எழுதிக் காட்டுவதற்கு, இரண்டாவது ஓட்டத்தை நிறுத்துவதற்கு. இரண்டிலும் ஜூலை 17 முதல் ஆகஸ்ட் 16 வரை என்று கொடுத்தேன். கூகுளின் பரிசீலனைக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம் என்பதால் மூன்று நாள் முன்பே ஏற்றிவிட்டேன்.

அப்புறம், பொருட்களையும் விலையையும் விளம்பரத்தோடு காட்டும் Price அசெட். சிங்கிள் பெட்ஷீட் 400, டபுள் 750, துண்டு செட் 350, தலையணை உறை ஜோடி 180, பவானி ஜமக்காளம் 900 முதல். ஒரு அசெட்டில் குறைந்தது மூன்று, அதிகபட்சம் எட்டுப் பொருள் வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனி இணைப்பு உண்டு. சொடுக்கினால் அந்தப் பக்கத்தில் அதே விலை இருக்க வேண்டும். இந்த எண்களைக் கையால்தான் அடிக்கிறோம். கடையில் விலை மாறினால் இங்கே தானாக மாறாது.

ஜூலை 17, வியாழன்

காலையில் இணையதளத்தில் விலை மாறியது. டபுள் பெட்ஷீட் பக்கத்தில் 750-க்குக் குறுக்கே கோடிட்டு, கீழே 638. கணக்குப்படி 637.50, தளம் முழு ரூபாயாக்கிக் காட்டுகிறது. நான் 637 என்று அடிக்கப் போனேன், நல்லவேளை பக்கத்தைத் திறந்து பார்த்தேன். Price அசெட்டில் டபுளை 638, சிங்கிளை 340 என்று மாற்றினேன்.

ஜூலை 19, சனி

மதியம் கோபியிலிருந்து ஓர் அக்கா கூப்பிட்டார். "ஏனுங், டபுள் பெட்ஷீட் 638-னு போட்டிருக்கீங்க. மேல 15 பர்சென்ட்டுன்னு இருக்குது. அப்ப 542 தானுங்களே?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 638-இல் 15 சதவீதம் கழித்தால் 542 ரூபாய் 30 காசு. அவர் சொன்னது சரிதான். Promotion வரி, Price வரி இரண்டும் தனித்தனியாக உண்மை. ஒன்றாகப் படித்தால் பொய். படிப்பவருக்கு 638 தள்ளுபடிக்கு முந்தைய விலையா பிந்தைய விலையா என்று தெரிய வழியே இல்லை.

"இல்லீங்க்கா, கழிச்ச விலைதானுங்க 638. எழுதுனதுல எங்க தப்புங்க" என்றேன். "செரி, விளக்கமாச் சொன்னீங்க" என்று ஒன்று வாங்கிக்கொண்டார். கேட்காமல் நேராகப் பணம் கட்டும் பக்கம் வரை போய்த் திரும்பியவர்கள் எத்தனை பேரோ என்பதுதான் எனக்கு உறுத்தல்.

ஜூலை 20, ஞாயிறு

நேற்றிரவு முழுக்க இதே யோசனை. 750 என்றே Price அசெட்டில் விட்டிருந்தால்? "15% off" உடன் சேர்ந்து வரும்போது பொருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் எந்த அசெட் எந்தத் தேடலில் தெரியும் என்பது நம் கையில் இல்லை. Promotion வராமல் Price மட்டும் வந்தால், 750 என்று பார்த்து உள்ளே போகிறவருக்குப் பக்கத்தில் 638. குறைவுதான், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். ஆனாலும் விளம்பரத்தில் ஒரு விலை, பக்கத்தில் ஒரு விலை.

தளத்தில் 750-ஐயே காட்டி, AADI15 என்று கூப்பன் கோடு கொடுத்து, கூடையில் கழிக்கலாம். அப்போது மூன்று இடமும் ஒத்துப்போகும். Promotion அசெட்டில் கோடு போடவும் இடம் உண்டு. ஆனால் நம் ஊர் வாடிக்கையாளர்களில் பலர் கோடு அடிக்க மறந்துவிட்டு, "தள்ளுபடி விழலையே" என்று போன் செய்வார்கள்.

கடைசியில் எடுத்த முடிவு: தள்ளுபடி உள்ள பொருள் எதுவும் ஆடி முடியும்வரை Price அசெட்டில் இருக்காது. பெட்ஷீட் இரண்டையும் எடுத்துவிட்டேன். துண்டு, உறை, ஜமக்காளம் மட்டும் நிற்கின்றன. சரியாக மூன்று. இன்னொன்று குறைந்தால் அசெட்டே நிற்காது.

சரிபார்க்க நானே கூகுளில் தேடவில்லை. சொடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தால் நம் விளம்பரத்தின் சொடுக்கு விகிதம்தான் கெடும். உள்ளேயே இருக்கும் Ad Preview கருவியில் பார்த்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. கூடுதுறைக்குப் போய்விட்டுச் சாயந்திரம் கடைக்கு வந்தால், ஜமக்காளத்தில் சின்ன அளவு முழுக்கத் தீர்ந்திருக்கிறது. விளம்பரத்தில் "From ₹900". கையிருப்பில் மிகக் குறைந்தது இப்போது 1,200. "முதல்" என்று எழுதினால், அந்தத் தொடக்க விலையில் வாங்க ஏதாவது இருந்தாக வேண்டும். உடனே 1,200 என்று மாற்றினேன். மாற்றியது மறுபடி பரிசீலனைக்குப் போனது.

ஆகஸ்ட் 18, திங்கள்

சனிக்கிழமையோடு ஆடி முடிந்தது. தளத்தில் விலையும் 750-க்குத் திரும்பிவிட்டது. காலை பத்து மணிக்குப் பெருந்துறையிலிருந்து ஒரு தம்பி, "15 பர்சென்ட்டுன்னு இப்பத்தானுங்க பாத்தேன், உள்ள 750 காட்டுது" என்றார்.

அட்டவணை முடிந்த அசெட் நின்றுதான் இருந்தது. அசெட் பக்கத்தில் எந்த மட்டத்தில் இணைந்திருக்கிறது என்று காட்டும் Level பத்தியைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். காம்பெய்ன் மட்டத்தில் ஒன்று, முடிந்துவிட்டது. அந்தக் காம்பெய்னுக்குள் உட்பிரிவாக இருக்கும் டபுள் பெட்ஷீட் ஆட் குரூப்பில் இன்னொன்று, ஓடிக்கொண்டிருந்தது. ஜூலை 20 அன்று அவசரத்தில் நான் புதிதாகச் செய்து இணைத்தது. சலுகைத் தேதியும் இல்லை, அட்டவணையும் இல்லை. தேதியே கொடுக்காத அசெட் எப்படி நிற்கும்?

அதை நீக்கினேன். அந்தத் தம்பிக்கு 638-க்கே கொடுக்கச் சொன்னார் அண்ணன். "நம்ம போர்டுல இருந்த வெலைதானே கண்ணு" என்றார். நேற்றும் இன்றும் அந்த விளம்பரம் வழியாக 750-க்கு வாங்கிய இருவருக்கும் வித்தியாசத் தொகை 112 ரூபாயைத் திருப்பி அனுப்பினோம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பெட்ஷீட் இரண்டும் 400, 750 என்று Price அசெட்டுக்குத் திரும்பின. ஒவ்வொரு இணைப்பையும் திறந்து, பக்கத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப் பார்த்தபின்தான் சேமித்தேன். இனி Promotion புதிதாகச் செய்தால் காம்பெய்னில் மட்டும்தான், ஆட் குரூப்பில் இல்லை.

சின்ன ஜமக்காளம் வியாழக்கிழமை பவானியிலிருந்து வருகிறதாம். சரக்கு இறங்கி, தளத்தில் கையிருப்பு ஏறிய பிறகுதான் 900 என்று மாற்ற வேண்டும்.