வாய்ச்சொல் வேண்டாம், எழுதித் தாருங்கள்

அடுத்த மாசக் கடைசியில் ரிட்டையர் ஆகிறேன். மத்திய அரசு வேலை, 2004-க்கு முன்னால் சேர்ந்தவன் என்பதால் பழைய பென்ஷன். பணிக்கொடை, விடுப்புச் சம்பளம், ஜி.பி.எஃப்., கம்யூட்டேஷன், எது எவ்வளவு, எந்தத் தேதியில் என்று தனித்தனியாக எழுதிக் கொடுக்கச் சொல்லி மனு போட்டிருக்கிறேன். "எல்லாம் வந்துரும் சார்" என்கிறார்கள். எனக்கு அது போதாது.

முக்கியமாக கம்யூட்டேஷன், அதாவது மாதப் பென்ஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து அதற்குப் பதில் மொத்தத் தொகை வாங்குவது. பென்ஷன் 30,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் அதிகபட்சம் 40 சதவீதம், அதாவது 12,000 விட்டுக்கொடுக்கலாம். அதை 12 மாதத்தால் பெருக்கி, அப்புறம் வயதுக்கேற்ற அட்டவணை எண்ணான 8.194-ஆல் பெருக்கினால் 11,79,936 ரூபாய் மொத்தமாக வரும். 60-ல் ஓய்வு பெற்றாலும் அடுத்த பிறந்தநாள் வயதான 61-க்குரிய எண்ணைத்தான் எடுக்க வேண்டும், அதனால் எந்த வயதைப் போட்டார்கள் என்று தாளில் தெரிய வேண்டும். மாதம் கையில் வருவது 18,000, ஆனால் அகவிலைப்படி முழு 30,000-க்கும் உண்டு. 18,000-க்கு மட்டும் போட்டிருந்தால் உடனே கேளுங்கள்.

தேதி ஏன் கேட்கிறேன் என்றால், பிடித்தம் தொடங்கி 15 வருஷம் கழித்துத்தான் முழு பென்ஷன் திரும்பும். மொத்தத் தொகை தாமதமாக வந்தால் பிடித்தமும் அப்போதுதான் தொடங்க வேண்டும், பணம் வராமலே 12,000-ஐக் குறைக்கக் கூடாது. பின்னால் இதைக் கேட்க என் கையில் ஒரு தாள் வேண்டும், அவ்வளவுதான். இந்த வருஷம் ஓய்வு பெறுகிறவர்கள் நீங்களும் மனு போட்டு, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.