குடோன் ரேக்குகளுக்கு முகவரி எழுதினோம்

மன்னார்குடி பக்கம் எங்களுக்கு பம்புசெட், பவர் டில்லர் உதிரிபாகக் கடை. பின்னால் இருக்கும் கொட்டகைதான் குடோன். எந்தச் சாமான் எங்கே என்பது பழைய ஆள் ஒருவருக்குத்தான் அத்துப்படி, அவர் லீவு போட்டால் வாடிக்கையாளர் கவுண்டரில் நின்றுகொண்டே இருப்பார்.

முன்பு ‘பேரிங் ரேக்’, ‘பெல்ட் ரேக்’ என்று சரக்கை வைத்துத்தான் ரேக்கைச் சொல்வோம். சம்பா அறுவடை நேரத்தில் பெல்ட் கட்டுக்கட்டாக வந்து பேரிங் ரேக்கிலும் ஏறிவிட்டால் அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்? அதனால் இடத்துக்கு மட்டும் முகவரி கொடுத்தோம். B-03-2-04 என்றால் B வரிசை, மூன்றாவது ரேக், கீழிருந்து இரண்டாவது தட்டு, நான்காவது பெட்டி. தட்டைக் கீழிருந்து எண்ணுவதற்குக் காரணம் இருக்கிறது, நாளைக்கு மேலே ஒரு தட்டு சேர்த்தாலும் பழைய எண்கள் மாறாது. 3 என்று எழுதாமல் 03 என்று எழுதினால்தான் எக்செல்லில் வரிசைப்படுத்தும்போது 10 போய் 2-க்கு முன்னால் உட்காராது. I, O இரண்டு எழுத்தையும் விட்டுவிட்டோம், அவசரத்தில் ஒன்று, பூஜ்யம் மாதிரி தெரியும். ஸ்டிக்கரை ரேக்கின் விளிம்பில் ஒட்டுங்கள், பெட்டியில் ஒட்டினால் பெட்டியோடு முகவரியும் நகர்ந்துவிடும்.

சரக்கை அடுக்கும்போதுதான் எல்லாம் கெடும். பார்சல் வந்ததும் நேராக ரேக்குக்குப் போகக்கூடாது, வாசலோரம் கோடு போட்ட இடத்தில் இறக்கி பில்லோடு சரிபார்க்க வேண்டும். அப்புறம் அடுக்குகிற ஆள் ரேக்குக்கு முன்னால் நின்று, ஸ்டிக்கரைப் பார்த்து, பில்லில் அந்த வரிக்குப் பக்கத்திலேயே முகவரியை எழுத வேண்டும். திரும்பி வந்து ஞாபகத்தில் எழுதுவதை நாங்கள் அனுமதிப்பதே இல்லை.

உதாரணத்துக்கு, 6205 பேரிங் 40 வருகிறது. B-03-2-04 பெட்டியில் 15தான் பிடிக்கும். மீதி 25 மேல் தட்டில், B-03-5-01-இல். இரண்டு முகவரியும் எக்செல்லில் ஏற வேண்டும், இல்லையென்றால் கீழ்ப்பெட்டி காலியானதும் சரக்கு தீர்ந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஆர்டர் போய்விடும். 6205 ZZ, 6205 2RS இரண்டும் அளவில் ஒன்றேதான், ஒன்றுக்கு இரும்பு மூடி, மற்றதற்கு ரப்பர் சீல். பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் வைத்தால் கை மாறி எடுக்கும், அதனால் வேண்டுமென்றே வேறு வேறு தட்டில் வைத்திருக்கிறோம்.

குறுவைக்குத் தண்ணீர் திறக்கும் ஜூன் வாக்கில் ஃபுட் வால்வும் கிளாண்ட் கயிறும் இடுப்பு உயரத் தட்டுக்கு, கவுண்டர் பக்கமாக வந்துவிடும். சாமான்தான் நகரும், முகவரி நகராது. எக்செல்லில் ஒரு வரியை மாற்றினால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரையில் ஈரம் ஏறும் என்பதால் முதல் தட்டில் பிவிசி சாமான் மட்டும்தான். ஆணியில் தொங்கும் பெல்ட்டுகளுக்கு இன்னும் முகவரி இல்லை, அடுத்து ஒவ்வொரு ஆணிக்கும் ஓர் எண் எழுதப் போகிறோம்.