ஹீமோகுளோபின் 18.7, ஆக்சிமீட்டர்ல 97

ரத்தவியல் ஓபில உக்காந்தா வாரத்துக்கு ஒருத்தராவது மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட்டோட வருவாங்க, அதுல ஹீமோகுளோபினுக்கு நேரா சிவப்பு மார்க் போட்டிருக்கும், ராத்திரி பூரா நெட்ல தேடிப் படிச்சிட்டு "சார் இது பிளட் கேன்சரா"ன்னுதான் முதல் கேள்வியே வரும். அந்த பயத்துல கொஞ்சம் நியாயம் இருக்கு. பாலிசைதீமியா வெரான்னு ஒண்ணு இருக்கு, எலும்பு மஜ்ஜை யார் சொல்லையும் கேக்காம தானா சிவப்பணுவை உற்பத்தி பண்ணிட்டே இருக்கும், அது மெதுவா போற ஒரு ரத்தப் புற்றுநோய் வகைதான். ஆனா எங்ககிட்ட வர்றவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு மஜ்ஜைல கோளாறே கிடையாது. ஆக்சிஜன் பத்தலன்னு கிட்னி எரித்ரோபாய்ட்டின் ஹார்மோனை அனுப்பும், மஜ்ஜை சொன்ன வேலையைச் செய்யும், அவ்வளவுதான்.

ஒரு கேஸ் சொல்றேன் (அடையாளம் தெரியாம சிலதை மாத்தியிருக்கேன்). நாப்பத்தஞ்சு வயசு, நல்ல குண்டான உடம்பு, சொந்தமா டிராவல்ஸ் நடத்துறார், சிகரெட் பழக்கம் உண்டு, ஹீமோகுளோபின் 18.7, ஹீமட்டோக்ரிட், அதாவது ரத்தத்துல சிவப்பணு இருக்கற சதவீதம், 56. வெள்ளணு 12,000, பிளேட்லெட் நார்மல். வெரால வர்ற மாதிரி குளிச்சா உடம்பு அரிக்குதான்னு கேட்டேன், இல்லன்னார், மண்ணீரலும் கைக்குத் தட்டல. வெள்ளணு கூடியிருக்கேன்னு கூட இருந்த பிஜி டாக்டர் யோசிச்சார், ஆனா சிகரெட்டே தனியா வெள்ளணுவை அந்த அளவுக்கு ஏத்திடும். வெரா நோய்ல கிட்டத்தட்ட 95 சதவீதம் பேருக்கு JAK2 V617Fங்கற மரபணு மாற்றம் இருக்கும், எரித்ரோபாய்ட்டின் அளவும் கீழ கிடக்கும், ஏன்னா ரத்தம் ஏற்கனவே கெட்டியா இருக்கறப்ப கிட்னி எதுக்கு இன்னும் கேக்கப்போகுது. இவருக்கு JAK2 நெகட்டிவ், எரித்ரோபாய்ட்டின் 14, அதாவது நார்மல். நார்மல்னு பாத்து ஏமாறக்கூடாது, ஹீமட்டோக்ரிட் 56 இருக்கறப்ப அது இறங்கியிருக்கணும், இறங்காம இருக்குன்னாலே பின்னாடி இருந்து யாரோ தள்ளிட்டிருக்காங்கன்னுதான் சந்தேகப்படணும்.

விரல்ல ஆக்சிமீட்டர் மாட்டினா 97. இங்கதான் நிறைய பேர் வழி தவறிடறாங்க, ஆக்சிஜன் நல்லாத்தான் இருக்குன்னு விட்டுடுவாங்க. சிகரெட் புகைல இருக்கற கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபின்ல ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும், மிச்சம் இருக்கற ஆக்சிஜனையும் திசுக்கள்கிட்ட லேசுல விடவிடாது. சாதாரண ஆக்சிமீட்டருக்கு இந்த வித்தியாசமே தெரியாது, ரெண்டையும் ஆக்சிஜன்னே எண்ணிடும். அதனால ரெண்டையும் தனித்தனியா அளக்கற கோஆக்சிமீட்டர் இருக்கற மெஷின்ல ரத்தம் கொடுத்துப் பாக்கணும். அதுலயும் ஒரு சிக்கல், டெஸ்ட்னு சொன்னா மனுஷன் காலைல நல்ல பிள்ளையா சிகரெட்டைத் தொடாம வந்துடுவார், கார்பன் மோனாக்சைடு நாலஞ்சு மணி நேரத்துக்கு ஒருக்கா பாதியா குறையும், ரிசல்ட் பொய் சொல்லும். "எப்பவும் போல சிகரெட் குடிச்சிட்டு சாயங்காலம் வாங்க சார்"னு நானே சொல்லி அனுப்பினேன், கார்பன் மோனாக்சைடு 8 சதவீதம் வந்துச்சு.

சிகரெட்டை நிறுத்தினார், நெஜமாவே நிறுத்தினார், திரும்ப டெஸ்ட் பண்ணினா கார்பன் மோனாக்சைடு இல்ல. சிவப்பணுவுக்கு ஆயுசு நூத்தி இருபது நாள், அதனால ரெண்டு மூணு மாசம் பொறுத்துப் பாக்கணும். பாத்தோம், ஹீமட்டோக்ரிட் 52ல நின்னுடுச்சு. அப்பதான் கூட வந்த அவங்க வீட்டம்மா வாயைத் தொறந்தாங்க, "ராத்திரி குறட்டை விடும்போதே மூச்சு நின்னு போகுது சார், நான் தட்டி எழுப்புவேன்". தூக்க ஸ்டடி பண்ணினா ஆக்சிஜன் எழுபதுகளுக்கு விழுந்து விழுந்து ஏறுது. ஆனா தூக்கத்துல மூச்சு நின்னு போற இந்த ஸ்லீப் ஆப்னியா மட்டும் பொதுவா ஹீமட்டோக்ரிட்டை இவ்வளவு ஏத்தாது, கொஞ்சம்தான் ஏத்தும். வேற மருந்து ஏதாவதுன்னு மறுபடி கேட்டேன், பதில் இல்ல, வீட்டம்மாவை வெளிய உக்கார சொல்லிட்டுக் கேட்டப்பதான் சொன்னார், எப்பவும் அசதியா இருக்குன்னு போன இடத்துல டெஸ்டோஸ்டிரோன் குறைவுன்னு சொல்லி ஊசி போட்டுட்டு இருக்காங்களாம்.

அந்த அசதியே தூக்கம் கெட்டதால வந்ததா இருக்கலாம், குண்டான உடம்பும் ஸ்லீப் ஆப்னியாவும் சேர்ந்தா டெஸ்டோஸ்டிரோன் குறையறது சகஜம். அதுக்குப் போட்ட ஊசி எரித்ரோபாய்ட்டினைத் தூண்டும், இரும்பைப் பூட்டி வைக்கற ஹெப்சிடின் ஹார்மோனை அடக்கி இரும்பைத் தாராளமா திறந்துவிடும், ஆப்னியாவையும் மோசமாக்கலாம். ஹீமட்டோக்ரிட் 48க்கு மேல இருந்தாலோ, சிகிச்சை எடுக்காத கடுமையான ஆப்னியா இருந்தாலோ இந்த சிகிச்சையை ஆரம்பிக்க வேணாம்னும், 54 தாண்டினா நிறுத்தணும்னும் அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டி வழிகாட்டுதல்லயே இருக்கு. ஊசிக்கு முன்னாடி ரத்த அணுக்களை எண்ணிப் பாக்கற ஒரு சிபிசி டெஸ்ட் கூட எடுக்கலயாம், எனக்கு வந்த கோவம் கொஞ்ச நஞ்சம் இல்ல.

"ஒரு யூனிட் ரத்தத்தை எடுத்து விட்டுடுங்களேன் சார்"னு கேட்டார். வெரா நோயாளின்னா கட்டாயம் எடுப்போம், 45க்குக் கீழ வைக்கணும், கூடவே ஆஸ்பிரின். இவருக்கு எடுத்தா நம்பர் இறங்கும், ஆனா தள்ளுறது அப்படியே இருக்கும், திரும்பத் திரும்ப எடுத்தா இரும்பும் போயிடும். தலைவலி, பார்வை மங்கல்னு தொல்லை இருந்தா எடுக்கலாம், இவருக்கு அதுவும் இல்ல. ஹார்மோன் டாக்டர்கிட்ட அனுப்பி ஊசியை நிறுத்தி, ராத்திரிக்கு மாஸ்க் வழியா காத்தை அழுத்தி மூச்சுப்பாதையை மூடாம வைக்கற சிபேப் மெஷின் கொடுத்தோம். முதல்ல மூஞ்சில மாட்டவே மாட்டேன்னார், மாஸ்க் சைஸை மாத்தினதுக்கப்புறம் பழகிட்டார். கடைசியா பாத்தப்ப 47.