பதினாலு என்று சொல்லிவிட்டேன்

விளம்பரத்துக்குப் பிறகு கடையைத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் கூடியிருக்கிறார்கள் என்று முதலாளி ஒரே ஒரு எண் கேட்டார். என்னிடம் மூன்று இருந்தன. ஏழு, பதினாலு, பத்தொன்பது. மூன்றுமே ஒரே தாள்களிலிருந்து வந்தவை, மூன்றுக்கும் கணக்கு சரியாக வரும். நான் பதினாலு என்றேன். அதை ஏன் சொன்னேன் என்று எனக்கு நானே விளக்கிக்கொள்ளும்போதெல்லாம் விளக்கம் கொஞ்சம் மாறிவிடுகிறது. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடை. ஆடியிலிருந்து தீபாவளி வரை விளம்பரம்: டவுன் பஸ்ஸின் பின்பக்கம், ஃப்ளெக்ஸ், செய்தித்தாளுக்குள் வைத்த நோட்டீஸ், தெருத்தெருவாகப் போன ஆட்டோ. செலவு நாலு லட்சம். அதற்கு முன்னால் ஒரு தடவையும் பின்னால் ஒரு தடவையும் தெருவில் நின்று, தடவைக்கு 200 பேரிடம், கடையின் பெயர் தெரியுமா என்று கேட்டுச் சொல்ல வேண்டியது என் வேலை. இடங்கள் இரண்டு தடவையும் அதே மூன்று: காந்தி பூங்கா, மகாமகக் குளத்தங்கரை, பேருந்து நிலையம். கேள்வி கேட்டது கல்லூரிப் பிள்ளைகள். அவர்களுக்கு நான் அடித்துச் சொன்னது ஒன்றுதான். சிரித்த முகமாக வருபவரைத் தேடிப் போகாதீர்கள். தரையில் ஒரு கோட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு தாள் முடிந்ததும் கோட்டைத் தாண்டும் மூன்றாவது ஆளைக் கேளுங்கள், மறுத்தால் மறுத்தார் என்று குறியுங்கள்.

கேள்விகள் நாலைந்துதான். உள்ளூரா என்று முதலில் கேட்டுவிடுவோம். வெளியூர் என்றால் நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டும். அடுத்து, எந்தப் பெயரையும் எடுத்துக்கொடுக்காமல், "பாத்திரம் வாங்கணும்னா எந்தக் கடையெல்லாம் ஞாபகத்துக்கு வருது?" அதற்குப் பிறகுதான் ஐந்து கடைப் பெயர்களைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் "கேள்விப்பட்டிருக்கீங்களா?" இந்த வரிசை மாறக் கூடாது. பட்டியலைப் படித்துவிட்டு ஞாபகத்தைக் கேட்டால், நாம் சொன்னதையே நம்மிடம் திருப்பிச் சொல்வார்கள். ஐந்து பெயர்களின் வரிசையையும் தாளுக்குத் தாள் மாற்றி அச்சடித்திருந்தேன். யாருக்காகக் கேட்கிறோம் என்பதைப் பிள்ளைகளுக்கே சொல்லவில்லை.

அந்த ஐந்தில் ஒன்று இல்லாத கடை. ஒரு பெண் தெய்வத்தின் பெயரோடு 'மெட்டல் ஸ்டோர்' என்று சேர்த்து நானே வைத்த பெயர். ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் அப்படிக் கடை இல்லையென்று வியாபாரிகளிடம் விசாரித்துக்கொண்டேன். நம் ஊர்க் கடைப் பெயர்களுக்கு இது அவசியம். முருகன், லட்சுமி, ஜெயம், இவற்றோடு ஸ்டோர்ஸ், ஏஜென்சீஸ் என்று எதைச் சேர்த்தாலும் எங்கோ பார்த்த மாதிரிதான் இருக்கும். எவ்வளவு பேர் சும்மா தலையாட்டுகிறார்கள் என்பதைப் பார்க்க இல்லாத கடையை விட்டால் மலிவான வழி கிடையாது.

முதல் தடவை எங்கள் கடையைத் தெரியும் என்றவர்கள் 38 சதவீதம், இல்லாத கடையைத் தெரியும் என்றவர்கள் 12 சதவீதம். இதுவரை சங்கடம் இல்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம் எடுத்த இரண்டாவது தடவையில் எங்கள் கடை பத்தொன்பது கூடி 57 ஆகியிருந்தது. இல்லாத கடை 24.

ஒரு பைசா விளம்பரம் இல்லாமல், ஒரு செங்கல்கூட இல்லாமல், அந்தக் கடை இரண்டு மடங்கு பிரபலமாகிவிட்டது.

காரணம் ஓரளவு புரிந்தது. தீபாவளி வாரத்தில் கையில் நாலு பையோடு போகிறவர்களை நிறுத்திக் கேட்கிறோம். மறுப்பவர்கள் ஏகப்பட்ட பேர். நின்றவர்களும் சீக்கிரம் விட்டால் போதும் என்று "ஆங், கேள்விப்பட்டிருக்கேன்" என்கிறார்கள். 'இல்லை' என்றால் அடுத்த கேள்வி நீளுமோ என்ற பயமும் இருக்கலாம். பிள்ளைகளும் இரண்டாவது தடவைக்குள் வேகம் பிடித்துவிட்டார்கள், பெயர்களை ஒரே மூச்சில் படிக்கும்போது கேட்பவரும் ஒரே மூச்சில் தலையாட்டிவிடுகிறார். முதல் தடவை ஆனி மாதத்தில், கூட்டமில்லாத நாட்களில் எடுத்தது. இரண்டாவதைத் தீபாவளி முடிந்து ஒரு மாதம் கழித்து எடுக்கலாம் என்று சொல்லியிருந்தேன். தை மாதக் கல்யாண சீசனுக்கு விளம்பரம் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும், தீபாவளிக்கு முன்னாலேயே வேண்டும் என்றார் முதலாளி. அவருடைய அவசரம் நியாயமானதுதான். சீர்வரிசைப் பாத்திரம் விற்கிறவருக்குத் தை மாதம் எவ்வளவு பெரிது என்று எனக்கும் தெரியும்.

கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் உட்கார்ந்து இதைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"பொய்ப் பேரை யாரு தம்பி கேக்கச் சொன்னா உங்களை?"

அது இல்லாவிட்டால் 57இல் எவ்வளவு பேர் சும்மா சொன்னவர்கள் என்று தெரியாமலே போயிருக்கும் என்றேன். கழித்துப் பார்த்தால் முன்னால் 26, பின்னால் 33, ஏழுதான் கூடியிருக்கிறது என்றும் சொன்னேன். சொல்லி முடிக்கும்போதே அந்தக் கழித்தல் எனக்கு முழுதாக ஒப்பவில்லை. கடையை நிஜமாகவே தெரிந்தவர்களிலும் அவசரத்துக்குத் தலையாட்டுகிறவர்கள் இருப்பார்கள். மொத்தமாகக் கழித்தால் அவர்களுடைய நிஜமான 'தெரியும்' என்பதும் சேர்ந்து போய்விடும்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இல்லாத கடையைத் தெரியும்னு சொன்னாங்கல்ல, அவங்க தாளை எல்லாம் எடுத்துத் தூரப் போடுங்க. மிச்சப் பேரை எண்ணுங்க" என்றார்.

முப்பது வருஷமாகக் கள்ள நோட்டைத் தடவியே கண்டுபிடிக்கிறவர் சொல்வது போலத்தான் இருந்தது. ஆனால் அது ஒரு முறைதான். அங்கேயே எண்ணினேன். முதல் தடவையில் 24 தாள் போக 176, அதில் எங்கள் கடையைத் தெரிந்தவர்கள் 56, அதாவது 32 சதவீதம். இரண்டாவதில் 48 போக 152, தெரிந்தவர்கள் 70, அது 46. வித்தியாசம் பதினாலு. தலையாட்டுகிறவர்களின் விகிதத்தை வைத்து 38ஐயும் 57ஐயும் வேறு வழியில் திருத்தினாலும் பதினாலுக்குப் பக்கத்தில்தான் வருகிறது.

அப்போது எனக்கு உண்டான நிம்மதியைத்தான் இப்போது சந்தேகப்படுகிறேன். பதினாலு சரியென்று பட்டதால் நிம்மதியா, ஏழுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில் இருந்ததால் நிம்மதியா? இரண்டு பக்கமும் கோபப்படாத எண் அது. தாள்களை எடுத்துவிடுவது என்பது விடையைப் பார்த்த பிறகு எடுத்த முடிவு. முன்கூட்டியே அப்படித்தான் செய்வோம் என்று எழுதி வைத்திருந்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது. எழுதி வைக்கவில்லை. முறை தப்பில்லை, அதைத் தேர்ந்தெடுத்த நேரம்தான் உறுத்துகிறது. ஆனால் முதலாளி அந்த முறையைச் சொன்னபோது அதில் என்ன எண் வரும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த அளவுக்கு அது சுத்தம்.

இவ்வளவு பேரைக் கேட்டதில் பதினாலு என்பது நிஜத்தில் நாலாகவும் இருக்கலாம், இருபத்துநாலாகவும் இருக்கலாம் என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். காலண்டரின் பின்பக்கத்தில் 14 என்று எழுதினார். நாலும் இருபத்துநாலும் காலண்டரில் ஏறவில்லை.

அடுத்து அவர் செய்ததுதான் இன்னும் விடாமல் வருகிறது. "ஊர்ல ஒரு லட்சத்து நாப்பதாயிரம் பேர்" என்றார். 2011 கணக்கெடுப்பில் நகராட்சிக்குள் அவ்வளவுதான், அது சரி. "நூத்துக்குப் பதினாலுன்னா பத்தொன்பதாயிரத்து அறுநூறு. நாலு லட்சத்தை வகுத்தா ஆளுக்கு இருபது ரூபா. பரவாயில்லையே!"

அப்படிப் பெருக்கக் கூடாதுங்க ஐயா என்றேன். நாங்கள் கேட்டது கடைத்தெருப் பக்கம் நடமாடும் பெரியவர்களை. வீட்டைவிட்டு வராத பாட்டியும் தொட்டில் குழந்தையும் அந்த ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தில் இருக்கிறார்கள். கடைத்தெருவுக்கு அடிக்கடி வருகிறவர்தான் எங்கள் கண்ணில் படுவார், ஃப்ளெக்ஸும் அவர் கண்ணில்தான் படும்.

"சரி, பதினஞ்சாயிரம்னு வச்சுக்கலாம்."

இல்லைங்க, அதுவும் சொல்ல முடியாது.

"பன்னெண்டு? அதுக்குக் கீழ கட்டாது தம்பி."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பேரம் அங்கே படிந்துவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும், ஏனென்றால் பஸ் விளம்பரக்காரருக்கு அன்றைக்கே போன் போனது. நான் சிரிக்காமல் இருந்திருந்தால் போன் போயிருக்காதா? போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். பஸ் விளம்பரம் அவருக்குப் பிடித்திருந்தது, அவருடைய சம்பந்தி வீட்டார் பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தார்கள்.

எந்த விளம்பரம் வேலை செய்தது என்பதைக் கேட்கவும் ஒரு கேள்வி வைத்திருந்தேன். எங்கே பார்த்தீர்கள்? அதிகம் பேர் சொன்னது டிவியில். டிவிக்கு அவர் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. விளம்பரம் என்றாலே டிவி என்று ஒரு பழக்கம், அவ்வளவுதான். அந்தக் கேள்வியை அறிக்கையில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் டிவிக்கு விலை விசாரித்திருப்பார். ஒன்றை நம்பக்கூடியது என்று கொடுத்து இன்னொன்றை நம்ப முடியாது என்று நானே எடுத்துவிட்டதும் ஒரு வகையில் தாளைத் தூரப் போட்ட மாதிரிதான்.

பெயர் எடுத்துக்கொடுக்காமல் கேட்ட கேள்வியைப் பற்றி யாருமே பேசவில்லை. அதில் தானாகக் கடையின் பெயரைச் சொன்னவர்கள் 9 சதவீதத்திலிருந்து 13. நாலு கூடுதல். இந்த அளவு ஆட்களில் அது கூடியதா தற்செயலா என்று சொல்ல முடியாது. அதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருந்தது. பதிலை அப்படியே எழுதச் சொல்லியிருந்ததால் தெரியவந்தது. "உச்சிப்பிள்ளையார் கோயில் பக்கம், படி ஏறிப் போகணுமே, அந்தக் கடை." "வாசல்ல பெரிய குத்துவிளக்கு வெச்சிருப்பாங்களே." இவர்கள் எல்லாம் எங்கள் கடையைத்தான் சொல்கிறார்கள். சிலர் மூன்று கல்யாணத்துக்கு அங்கேயே வாங்கியவர்கள். பட்டியலில் பெயரைப் படித்தபோது அவர்களில் பலர் தெரியாது என்றார்கள். என் கணக்கில் அவர்கள் கடையை அறியாதவர்கள்.

அடுத்த வருஷத்துக்கு விலைப்புள்ளி கேட்டிருந்தார். இல்லாத கடை இருக்கும், எந்தத் தாள்களைத் தள்ளுவோம் என்பதை முதலிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வோம், இரண்டு தடவையும் பண்டிகை இல்லாத வாரத்தில் எடுப்போம் என்று எழுதினேன். புதிதாக ஒன்று சேர்த்தேன்: பெயர்ப்பலகையை மறைத்து, கடை வாசலின் படத்தைக் காட்டி இது எந்தக் கடை என்று கேட்பது. முதல் மூன்றுக்கும் தலையசைத்துவிட்டு நாலாவதில் நிறுத்தினார்.

"போர்டை மறைச்சும் கடையைச் சொல்லிட்டாங்கன்னா, போர்டுக்கும் பஸ்ஸுக்கும் நான் எதுக்குத் தம்பி நாலு லட்சம் குடுக்கணும்?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்திருக்கிறேன். புதிதாகக் குடிவந்தவர்களைத் தனியாக எண்ணிப் பார்க்கலாம் என்று ஒரு பதில் இருக்கிறது. ஆனால் 200 பேரில் அப்படி எத்தனை பேர் தேறுவார்கள்?