தாராவியில் ‘விடுதலைப் பத்திரம்’ என்று தலைப்புப் போட்டுப் பட்ட பாடு

மூன்று நிமிடத்தில் வாங்க வேண்டிய ஒரு கையெழுத்துக்கு எட்டு நாள் போனது. காரணம், நான் போட்ட தலைப்பு.

இட்லி அவித்து விற்கும் ஒரு அக்காவும் அவருடைய 15 வயது மகளும் தங்களாகவே நடிக்கும் குறும்படம். இடம், தாராவியில் அவர்கள் குடியிருக்கும் வாடகை அறை. நடிப்பவர் தன் உருவத்தையும் குரலையும் படத்தில் பயன்படுத்தச் சம்மதித்துக் கையெழுத்துப் போடும் ஆங்கில ரிலீஸ் ஃபார்ம் ஒன்று இணையத்தில் கிடைத்தது. அதை நானே தமிழாக்கி, மேலே ‘விடுதலைப் பத்திரம்’ என்று எழுதி, ‘எல்லா உரிமைகளையும் விட்டுக்கொடுக்கிறேன்’ என்ற வரிக்குக் கீழே அறை எண்ணோடு முகவரியும் போட்டிருந்தேன்.

படப்பிடிப்புக்கு முந்தின இரவு அக்கா அதை வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். “தம்பி, எங்க ஊர்ல அண்ணன் தங்கச்சி சொத்துல பங்கு வேண்டாம்னு எழுதிக் குடுக்கிறதுதான் விடுதலைப் பத்திரம். சர்வே நடக்கிற நேரத்துல இதுல நான் எப்படிக் கையெழுத்துப் போட?”

அவர் சொன்னதுதான் சரி. தாராவி சீரமைப்புத் திட்டத்துக்காகச் சர்வே எடுக்கும்போது, யாருக்கு வீடு கிடைக்கும் என்று தெரியாமல் தவிக்கும் இடத்தில் அப்படியொரு தாளை நீட்டியிருக்கிறேன். சனிக்கிழமைப் படப்பிடிப்பு ரத்து. கேமரா வாடகைக்குக் கொடுத்த முன்பணமும் போனது.

அதோடு முடியவில்லை. வீட்டு உரிமையாளர் கொடுத்திருந்த இட அனுமதிக் கடிதத்தில் அந்தச் சனிக்கிழமைத் தேதி மட்டுமே இருந்தது. வாடகைக்கு இருப்பவர் சம்மதித்தால் மட்டும் போதாது, உரிமையாளர் கையெழுத்தும் வேண்டும். அவரோ திருநெல்வேலிக்கு ரயிலேறிவிட்டார். அவர் திரும்பும்வரை காத்திருந்தோம். தேதி எழுதும்போது ‘தள்ளிப்போனால் அடுத்த 30 நாளுக்குள் இன்னொரு நாள்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, மின்சாரக் கட்டணம் யார் பொறுப்பு, எதாவது உடைந்தால் யார் சரிசெய்வது என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

சம்மதக் கடிதத்தை முழுக்க மாற்றி எழுதினேன். தலைப்பு ‘படப்பிடிப்புச் சம்மதக் கடிதம்’. முதல் வரியே, ‘இது என் உருவத்தையும் குரலையும் இந்தப் படத்தில் பயன்படுத்த மட்டும். என் அறைக்கும் சொத்துக்கும் சர்வேக்கும் இதற்கும் தொடர்பில்லை.’ முகவரி வேண்டுமென்பதால் கையெழுத்துக்குக் கீழே தெருப் பெயர் மட்டும். கொடுக்கும் தொகையையும் எழுதினேன். பைசா வாங்காமல் எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் பெரும்பாலும் சட்டத்தில் நிற்காது என்று வக்கீல் நண்பர் எச்சரித்திருந்தார். மகளுக்குத் தனிக் கடிதம். 18 வயது ஆகாதவர் போடும் கையெழுத்து செல்லாது என்பதால் அதில் அம்மாவே போட வேண்டும்.

இந்த முறை அக்கா சத்தமாக வாசித்தார். ‘எந்த ஊடகத்திலும்’ என்ற இடத்தில் நிறுத்தி, “விளம்பரத்துல எல்லாம் போடக்கூடாது” என்றார். அதை அடித்துவிட்டு ‘இந்தப் படத்திலும் அதன் முன்னோட்டத்திலும்’ என்று எழுதி, பக்கத்தில் இருவரும் சுருக்கொப்பம் இட்டோம். ஒரு பிரதியை மடித்து அரிசி டப்பாவுக்குள் வைத்துக்கொண்டு, “நாளைக்கு மூணு மணிக்கு அடுப்பு பத்த வைப்பேன், வந்துருங்க” என்றார்.