இருபது நிமிடச் சோதனை, பதினைந்து நிமிடப் பேச்சு

காலை 9.10: வவுனியாவில் பாம்புக்கடி சிகிச்சை பற்றிய ஒருநாள் மாநாடு. வாட்டில் டியூட்டியில் மாட்டிக்கொண்ட சகாக்களுக்காக எங்கள் தாதியர் வட்ஸ்அப் குழுவில் உடனுக்குடன் எழுதுகிறேன். அழைப்பிதழில் ஆரம்பம் 8.30. இப்போதுதான் மங்கல விளக்கின் கடைசித் திரிக்கு ஆள் தேடுகிறார்கள். படம் போட்டேன், இதயங்கள் குவிகின்றன.

9.55: வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை. குழுவுக்கு ஒன்றும் அனுப்பவில்லை. நாளைக் காலை வாட்டில் ஒருவராவது ஒரு வேலையை வேறு மாதிரிச் செய்வார் என்றால்தான் அனுப்புவது என்று முடிவு.

10.40: திரையில் நோயாளி ஒருவரின் வீங்கிய கால். மூலையில் அவருடைய கட்டில் ரிக்கெற் இலக்கம் பளிச்சென்று தெரிகிறது. மண்டபம் முழுக்கப் போன்கள் எழுகின்றன. நான் எடுக்கவில்லை. அடுத்த வரைபடத்தில் ‘இன்னும் வெளியிடப்படவில்லை’ என்று போட்டிருந்தது, அதையும் விட்டாயிற்று. குழுவில் கேள்வி: “மிஸ், மத்தியானம் புரியாணியா?”

11.30: இதுதான் விஷயம். இருபது நிமிட இரத்த உறைவுச் சோதனை. கண்ணாடி விரியனின் விஷம் இரத்தத்தில் உள்ள உறைய வைக்கும் பொருட்களைத் தின்று தீர்த்துவிடும். அதைக் கட்டிலருகிலேயே கண்டுபிடிக்கும் வழி இது. புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் ஒன்று அல்லது இரண்டு மில்லிலீற்றர் நாள இரத்தம். அசைக்காமல் இருபது நிமிடம். பிறகு ஒரே ஒரு தடவை சரித்துப் பார்க்க வேண்டும். தண்ணீராக ஓடினால் விஷம் வேலை செய்கிறது.

பேச்சாளர் மேடையிலேயே செய்துகாட்டப் போகிறார். ஒரு பயிற்சி டொக்டர் கை நீட்டினார். ஒரே ஊசி, இரண்டு குழாய்: ஒன்று கண்ணாடி, மற்றது பிளாஸ்ரிக். பேச்சுக்கு ஒதுக்கிய நேரமோ பதினைந்து நிமிடம்!

11.39: பிரதம விருந்தினர் ஆர்வம் தாங்காமல் எழுந்து வந்து, கண்ணாடிக் குழாயைத் தூக்கிச் சரித்துப் பார்த்துவிட்டார். “ஐயா, இது போச்சு,” என்றார் பேச்சாளர் மரியாதையாக. நேரம் வருமுன் ஆட்டினால் முடிவை நம்ப முடியாதாம். பயிற்சி டொக்டர் மறுபடி கையை நீட்டினார். இரண்டு குழாயும் புதிதாக, நேரமும் புதிதாக. தலைவர் மணியில் கை வைத்தபடி இருக்கிறார்.

காத்திருக்கும் நேரத்துக்குப் பேச்சாளர் ஒரு கதை சொன்னார். பெயர் சொல்லாத ஓர் ஆஸ்பத்திரிக்கு மாலையில் வயல்வரம்பில் கடிபட்ட ஒருவர் வந்தார். பாம்பை யாரும் காணவில்லை. வீக்கம் இல்லை, முரசில் இரத்தக் கசிவும் இல்லை. ஆனால் குழாயில் இரத்தம் உறையவில்லை. விஷமுறிவு மருந்து ஏற்றத் தயாரானார்கள். அது குதிரைச் சீரம், கடும் ஒவ்வாமை வரக்கூடியது. சந்தேகப்பட்ட ஒரு தாதி, பக்கத்தில் நின்ற ஊழியரின் இரத்தத்தை அதே பெட்டிக் குழாயொன்றில் எடுத்து வைத்தார். இருபது நிமிடம் கழித்து அதுவும் தண்ணீர்!

“அப்ப அவரையும் அட்மிட் பண்ணினவையோ?” என்றது பின்வரிசை.

குழாய்கள் சோப்புப் போட்டுக் கழுவப்பட்டவை. கண்ணாடியின் மேற்பரப்பு பட்டுத்தான் உறைதல் தொடங்குகிறது. சோப்புப் படலம் அதைத் தடுத்துவிடும், பிளாஸ்ரிக்கிலும் அந்த வேலை சரியாக நடக்காது. புதுக் குழாயில் இருவரின் இரத்தமும் உறைந்தது. கடிபட்டவரை வைத்திருந்து ஆறு மணித்தியாலம் கழித்துத் திரும்பப் பார்த்தார்கள், அப்போதும் உறைந்தது. மருந்தில்லாமல் வீடு போனார்.

மறுபக்கமும் சொன்னார்: சோதனையைக் கவனமில்லாமல் செய்தால் உண்மையான விஷமும் தப்பிவிடும். 2013இல் வெளியான இலங்கை ஆய்வொன்றில், வழக்கமான வாட் வேலையாகச் செய்தபோது நூற்றுக்கு நாற்பது பேரைத்தான் இது பிடித்திருக்கிறது. முதல் தடவை உறைந்தது என்று விட்டுவிடாமல் திரும்பச் செய்யச் சொல்வது அதனால்தான். இன்னொன்று, உறைந்தால் விஷமே இல்லை என்று நினைக்கக் கூடாது. இரவில் தரையில் படுத்தவரைக் கட்டு விரியன் கடித்திருந்தால் இரத்தம் அழகாக உறையும், மூச்சுத்தான் நின்றுபோகும்.

மணி அடித்தது. மறுபடி அடித்தது. அடுத்த பேச்சாளர் மேடைப் படியில் நிற்கிறார். யாரும் அசையவில்லை.

12.01: கண்ணாடியில் கட்டி, பிளாஸ்ரிக்கில் ஓட்டம். கைதட்டல். பிரதம விருந்தினர்தான் அதிகம் தட்டினார்.

12.10: குழுவுக்கு மூன்றே வரி அனுப்பினேன்: புதுக் கண்ணாடிக் குழாய் மட்டும். இருபது நிமிடம் தொடாதே. சந்தேகமென்றால் சுகமான ஒருவரின் இரத்தத்தையும் பக்கத்தில் வை. ஒரு இதயம்கூட இல்லை.

1.15: புரியாணிதான். படத்துக்கு இதயங்கள் கொட்டுகின்றன. பிற்பகல் அமர்வுகளில் ஏ.சி. நன்றாக இருந்தது.

3.50: சான்றிதழ் வரிசையில் நிற்கும்போது வாட் சிஸ்டரின் செய்தி: “எங்கட குழாய் எல்லாம் எப்படி? ஆர் பொறுப்பு?”

உடனே சிற்றூழியர் அண்ணையிடமிருந்து குரல் பதிவு: “பயப்படாதேங்கோ சிஸ்டர். நேற்றும் நல்லாச் சோப்புப் போட்டுத் தேய்ச்சுத்தான் அடுக்கினனான். ஒவ்வொண்டும் மினுங்குது!”