செக் செல் ஒட்டவில்லை

ரத்த வங்கி ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம், ஒரு இரவுப் பணியில் முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணின் மாதிரி வந்தது. ஹீமோகுளோபின் 5.8, இளம் சிவப்பணுக்களான ரெட்டிகுலோசைட் 14 சதவீதம், மறைமுக பிலிரூபின் ஏறியிருந்தது. ஸ்லைடில் நடுவெளிர்ப்பு இல்லாமல் உருண்டு இறுகிய ஸ்பீரோசைட்டுகள் நிறைய. சிவப்பணுக்கள் உடைகின்றன என்பதில் சந்தேகமே இல்லை. ஏன் உடைகின்றன என்பதுதான் கேள்வி. பிறவியிலேயே வரும் ஸ்பீரோசைட்டோசிஸிலும் ஸ்லைடு இப்படித்தான் இருக்கும், உடலே தன் சிவப்பணுவுக்கு எதிராக ஆன்டிபாடி செய்யும் நோயிலும் இப்படித்தான் இருக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது நேரடி ஆன்டிகுளோபுலின் சோதனை, நாங்கள் டைரக்ட் கூம்ப்ஸ் என்போம். 1945இல் கூம்ப்ஸ், மோரன்ட், ரேஸ் மூவரும் இந்த முறையை வெளியிட்டார்கள், அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதை இந்த இரண்டு நோய்களையும் பிரித்தறியப் பயன்படுத்திவிட்டார்கள்.

நான் செய்தேன். நெகட்டிவ்.

ரிப்போர்ட்டில் அப்படியே எழுதப் போனவளைச் சீனியர் அக்கா நிறுத்தி, "செக் செல் போட்டியாம்மா?" என்று கேட்டார். சோதனை வேலை செய்ததா என்று சரிபார்க்கும் அந்த அணுக்களை நான் போடவில்லை. போட்டோம், சுழற்றினோம், குழாயைச் சாய்த்தோம். அணுக்கள் கொத்தாக வராமல் புகை மாதிரி வழவழவென்று கலைந்து எழுந்தன. "அப்படின்னா உன் சோதனையே நடக்கல" என்றார்.

அன்று அவர் விளக்கியதைத்தான் இன்றும் புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன். உடலே தன் சிவப்பணுவுக்கு எதிராக ஆன்டிபாடி செய்யும் நோயில் பெரும்பாலும் ஐஜிஜி என்ற ஆன்டிபாடி சிவப்பணுவின் மேல் போர்வை மாதிரி படிந்திருக்கும். ஆனால் சிவப்பணுக்கள் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் உள்ளவை, ஒன்றையொன்று தள்ளி நிற்கும், அந்த இடைவெளியைத் தாண்டி இரண்டு அணுக்களை இழுத்துப் பிடிக்க ஐஜிஜிக்கு நீளம் போதாது. அதனால் போர்வை இருந்தும் அணுக்கள் தனித்தனியாகவே மிதக்கும். உடலுக்குள் மண்ணீரலின் மேக்ரோபேஜ்கள் அந்தப் போர்வையை அடையாளம் கண்டு சவ்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்தெடுக்கும், மிச்சமிருப்பது ஸ்பீரோசைட். நம் கண்ணுக்கு அந்தப் போர்வை தெரிய வேண்டுமானால் மனித ஐஜிஜியையே பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடி வேண்டும். அதுதான் கூம்ப்ஸ் ரீஏஜென்ட். அது ஓர் அணுவின் ஐஜிஜியையும் பக்கத்து அணுவின் ஐஜிஜியையும் சேர்த்துப் பிடிக்க, அணுக்கள் கொத்தாகும்.

சிக்கல் என்னவென்றால் பிளாஸ்மாவிலும் ஐஜிஜி ஏராளமாக உண்டு. அணுக்களைச் சலைனில் நன்றாகக் கழுவாமல் விட்டால் மிச்சமிருக்கும் அந்தப் பிளாஸ்மா ஐஜிஜியே ரீஏஜென்டை முழுக்கத் தின்றுவிடும், அணுக்களின் மேல் இருப்பதைப் பிடிக்க எதுவும் மிஞ்சாது. நான் மூன்று முறை கழுவியதாகத்தான் நினைத்தேன், ஆனால் அவசரத்தில் சலைனை மெதுவாக ஊற்றி, அடியில் படிந்த அணுக்களைக் கலக்காமலே மறுபடி சுழற்றியிருக்கிறேன், அந்தப் படிவுக்குள் பிளாஸ்மா அப்படியே சிக்கியிருந்தது.

செக் செல் என்பது முன்கூட்டியே ஐஜிஜி பூசி வைத்த அணுக்கள். நெகட்டிவ் வந்த குழாயில் ஒரு சொட்டு விட்டால், ரீஏஜென்ட் இன்னும் உயிரோடு இருந்தால் அவை ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் அந்த நெகட்டிவுக்கு அர்த்தமே கிடையாது.

இடிடிஏ குழாயிலிருந்து புதிதாக எடுத்து, ஒவ்வொரு முறையும் சலைனை வேகமாகப் பீய்ச்சிப் படிவை உடைத்து, சுழற்றி, கடைசித் துளி வரை கவிழ்த்து, நான்கு முறை கழுவி, ரீஏஜென்டை உடனே விட்டேன். தாமதித்தால் அணுவின் மேலுள்ள ஐஜிஜியே கழன்று சலைனுக்குள் வந்துவிடும். குழாயைச் சாய்த்ததும் பெரிய பெரிய கொத்துகள், 3+. அப்புறம் தனித்தனி ரீஏஜென்டில் பார்த்தோம்: ஐஜிஜி பாசிட்டிவ், சி3டி என்ற காம்ப்ளிமென்ட் புரதத் துண்டு நெகட்டிவ். ஸ்லைடோடும் நோயாளியின் நிலையோடும் சேர்த்துப் பார்த்தால், அந்த ஆன்டிபாடி நோயில் உடல் வெப்பத்திலேயே ஆன்டிபாடி ஒட்டும் வெப்ப வகை. மருத்துவர் அன்று இரவே ஸ்டீராய்டு தொடங்கினார்.

செக் செல் ஒட்டினாலும் எல்லாம் முடிந்துவிடாது என்பதைப் பிறகு கற்றேன். குழாய் முறைக்குப் பிடிபடாத அளவு குறைவாக ஐஜிஜி இருக்கலாம், அல்லது பிடிப்பு தளர்வாக இருந்து நாம் கழுவும்போதே போய்விடலாம். அதனால் ஸ்லைடில் ஸ்பீரோசைட் நிறைந்து, சோதனை முறையாக நெகட்டிவ் வந்தால், நான் இப்போது குளிர்ந்த சலைனில் கழுவி இன்னொரு முறை செய்கிறேன், மருத்துவரையும் அழைத்து ஸ்லைடில் பார்த்ததைச் சொல்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு மூன்று வாரம் கழித்து மாதிரி வந்தபோது ஹீமோகுளோபின் 9.6. டைரக்ட் கூம்ப்ஸ் இன்னும் பாசிட்டிவ்தான், 2+.